ஆல்டர்னேட்டரும் சுமையின் திறன் காரணியும்

நுழையும்முன்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. கடற்கரையோடு நில்லாது உள்நிலத்தில் புகுந்த அப்புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் பெரிதும் சிதைத்தது. ஆலங்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, அறந்தாங்கி ஆகிய பகுதிகளில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. இப்பகுதி மக்கள் பல நூறு அடி ஆழமுள்ள ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழ்பவர்கள். மின்சாரம் நின்றதும் நீரும் நின்றது. ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளை நிரப்ப டீசல் மின்னியற்றிகள் ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டன.

விளக்குகளையும் கைப்பேசி மின்னேற்றிகளையும் எளிதாகத் தாங்கும் மின்னியற்றி, அதே அளவு திறன் கொண்ட நீரேற்றி மோட்டாரை இணைத்ததும் திணறுவது ஏன்? எஞ்சின் வலுவோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தம் மட்டும் சரிவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கான விடை, சுமையின் அளவில் மட்டுமன்று. அதன் திறன் காரணியிலும் உள்ளது. அதனை விளக்குவது இப்பாடம்.

சுழலும் காந்தமும் நிற்கும் சுருளும்

மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்கும் மின்னியற்றி, ஆல்டர்னேட்டர் எனப்படும். அதன் நடுவே சுழலும் பகுதி சுழலி. சுழலியில் சுற்றப்பட்ட புலச்சுருளில் நேர்திசை மின்னோட்டம் பாய்வதால் அது வலிமையான மின்காந்தமாகிறது. சுழலியைச் சூழ்ந்து அசையாது நிற்கும் இரும்பு உள்ளகம் நிலையி. அதன் காடிகளில் பதிக்கப்பட்ட மூன்று கட்டச் சுருள்களின் தொகுதியே ஆர்மெச்சர். காந்த முனைகள் இச்சுருள்களைக் கடந்து செல்லும்போது அவற்றில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது.

நான்கு முனைகள் கொண்ட சுழலி நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழன்றால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கிடைக்கும். அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது எஞ்சினின் வேகம். அவ்வேகம் மாறாதிருக்கையில், தூண்டப்படும் மின்னியக்கு விசையின் அளவைத் தீர்மானிப்பது ஒவ்வொரு முனையிலிருந்தும் வெளிப்படும் காந்தப்பாயம். இக்காந்தப்பாயத்தைச் சுமை மின்னோட்டம் எங்ஙனம் மாற்றுகிறது என்பதே இப்பாடத்தின் மையக்கருத்து.

மின்னழுத்த ஒழுங்காக்கம்

சுமை ஏதுமில்லாதபோது ஆல்டர்னேட்டரின் முனைகளில் அளக்கப்படும் மின்னழுத்தம், தூண்டப்பட்ட மின்னியக்கு விசைக்குச் சமம். சுமையை இணைத்ததும் முனை மின்னழுத்தம் மாறுகிறது. இம்மாற்றத்தை அளந்து கூறும் விழுக்காடே மின்னழுத்த ஒழுங்காக்கம். பயிற்சிக் கூடங்களில் இது வோல்டேஜ் ரெகுலேஷன் என வழங்கப்படுகிறது.

ஆல்டர்னேட்டர் குறிப்பிட்ட திறன் காரணியில் முழுச்சுமையைத் தாங்கி, தன் வரையறுக்கப்பட்ட மின்னழுத்தம் V-ஐத் தந்துகொண்டிருப்பதாகக் கொள்வோம். வேகத்தையும் புலச்சுருளின் மின்னோட்டத்தையும் மாற்றாமல் சுமையை முழுவதுமாக நீக்கினால் முனை மின்னழுத்தம் E என்னும் மதிப்பை அடையும்.

மின்னழுத்த ஒழுங்காக்கம் = (E − V) / V × 100

இவ்வரையறையில் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, வேகமும் புல மின்னோட்டமும் மாறாதிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை. தானியங்கிக் கருவி ஒன்று புல மின்னோட்டத்தை இடையில் திருத்திவிட்டால், அளக்கப்படுவது ஆல்டர்னேட்டரின் இயல்பன்று, கருவியின் திறமை. இரண்டாவது, திறன் காரணியைக் கூறாமல் ஒழுங்காக்கத்தைக் கூறுவது பொருளற்றது. ஒரே ஆல்டர்னேட்டர், ஒரே மின்னோட்டத்தில், திறன் காரணிக்கேற்ப மிகப் பெரிய நேர்மதிப்பையும் சில வேளைகளில் எதிர்மதிப்பையும் தரும்.

மின்னழுத்த மாற்றத்திற்குரிய மூன்று காரணங்கள்

சுமை மின்னோட்டம் ஆர்மெச்சர் வழியாகப் பாயும்போது, கம்பியின் மின்தடையால் சிறிது மின்னழுத்தம் இழக்கப்படுகிறது. இதுவே முதற்காரணம், இதன் அளவு பெரும்பாலும் சிறியது. ஆர்மெச்சர் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்பாயத்தில் ஒரு பகுதி, சுழலியை எட்டாமல் காடிகளையும் சுருளின் முனைப்பகுதிகளையும் மட்டும் சுற்றி வருகிறது. இக்கசிவுப் பாயத்தால் விளையும் மின்மறுப்பு இரண்டாவது காரணம்.

எஞ்சிய பெரும்பகுதி, காற்றிடைவெளியைத் தாண்டிச் சுழலியின் காந்தப்புலத்தோடு நேருக்கு நேர் கலக்கிறது. அவ்வாறு கலந்து முதன்மைக் காந்தப்பாயத்தைக் குறைப்பதோ, கூட்டுவதோ, கோணச் செய்வதோ ஆர்மெச்சர் எதிர்வினை எனப்படும். மூன்று காரணங்களுள் பெரும்பாலும் மிகுந்த விளைவைத் தருவது இதுவே. முதலிரு காரணங்களை வெறும் இழப்பு எனக் கொள்ளலாம். மூன்றாவதோ மின்னழுத்தத்தின் ஊற்றான காந்தப்பாயத்தையே தாக்குகிறது.

திறன் காரணியும் ஆர்மெச்சர் எதிர்வினையும்

மூன்று கட்டச் சுருள்களிலும் பாயும் சமநிலை மின்னோட்டங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சுழலும் காந்தப்புலத்தை உருவாக்குகின்றன. அப்புலம் சுழலியின் அதே திசையில், அதே வேகத்தில் சுழல்கிறது. ஆகவே சுழலியிலிருந்து நோக்கினால் அப்புலம் ஓரிடத்தில் அசையாது நிற்பதாகவே தோன்றும். அது எவ்விடத்தில் நிற்கிறது என்பதைச் சுமையின் திறன் காரணி தீர்மானிக்கிறது.

இதனை ஒரு கட்டச் சுருளைக் கொண்டு எளிதில் உணரலாம். சுழலியின் வடமுனை, சுருளின் நடு அச்சுக்கு நேராக நிற்கும்போது சுருளுடன் தொடர்புகொள்ளும் காந்தப்பாயம் பெருமமாக இருக்கும். ஆனால் அக்கணத்தில் காந்தப்பாயத்தின் மாறுவீதம் சுழி. எனவே மின்னியக்கு விசையும் சுழி. அங்கிருந்து கால் சுழற்சி கடந்து, முனை சுருளின் பக்கக் கம்பிகளுக்கு நேராக வரும்போது மின்னியக்கு விசை பெருமத்தை அடைகிறது. இங்குக் கூறப்படும் கால் சுழற்சி, மின் அளவில் 90 பாகை ஆகும். சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது உண்டாக்கும் காந்தப்புலம் எப்போதும் சுருளின் நடு அச்சின் வழியே அமையும். இனி, மின்னோட்டம் பெருமமாகும் கணத்தில் சுழலி எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கண்டறிந்தால் போதும்.

அ) திறன் காரணி ஒன்று எனில்

இழை விளக்கு, மின்சூடேற்றி போன்ற மின்தடைச் சுமைகளில் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு ஒத்த கட்டத்தில் உள்ளது. ஆல்டர்னேட்டரின் உள்ளே நிகழும் கோண விலகலை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், மின்னியக்கு விசை பெருமமாகும் கணத்திலேயே மின்னோட்டமும் பெருமமாகிறது. அப்போது சுழலியின் முனை சுருளின் நடு அச்சைத் தாண்டி 90 பாகை சென்றுவிட்டது. ஆர்மெச்சரின் புலம் முனைக்குச் செங்குத்தாக, அதற்குக் கால் சுழற்சி பின்னால் நிற்கிறது.

இது முதன்மைப் புலத்தை நேரடியாக எதிர்ப்பதில்லை, குறுக்கே இழுக்கிறது. முனையின் முந்திச் செல்லும் ஓரத்தில் காந்தப்பாயம் மெலிகிறது. பின்தங்கி வரும் ஓரத்தில் செறிகிறது. இதற்குக் குறுக்குக் காந்தமாக்கும் விளைவு என்று பெயர். பின்னாலிருந்து இழுக்கும் இப்புலத்தை எதிர்த்துத்தான் எஞ்சின் சுழலியை முன்னோக்கித் தள்ள வேண்டியுள்ளது. எஞ்சின் சுமையை உணர்வது இவ்விழுப்பின் வழியாகவே.

ஆ) மின்னோட்டம் 90 பாகை பின்தங்கினால்

மின்தூண்டி மட்டுமே உள்ள சுமையில் மின்னோட்டம், மின்னியக்கு விசைக்குக் கால் சுழற்சி பின்னரே பெருமத்தை அடைகிறது. அதற்குள் சுழலி மேலும் 90 பாகை சென்றுவிடுகிறது. வடமுனை சுருளின் நடு அச்சுக்கு நேர் எதிர்த்திசையை நோக்கி நிற்கிறது. ஆகவே ஆர்மெச்சரின் புலம் முதன்மைப் புலத்திற்கு நேர் எதிராக அமைந்து அதனை மெலிவிக்கிறது. இதுவே காந்த நீக்க விளைவு.

இங்கு ஆர்மெச்சர் புலம் சுழலியைப் பின்னுக்கு இழுப்பதில்லை. எதிரே நின்று அமுக்குகிறது. எனவே எஞ்சினுக்குக் கூடுதல் வேலை ஏதும் ஏற்படுவதில்லை, வேகமும் குறைவதில்லை. ஆனால் காந்தப்பாயம் குன்றுவதால் மின்னழுத்தம் பெரிதும் சரிகிறது.

இ) மின்னோட்டம் 90 பாகை முந்தினால்

மின்தேக்கி மட்டுமே உள்ள சுமையில் மின்னோட்டம் கால் சுழற்சி முன்னதாகவே பெருமத்தை அடைகிறது. அக்கணத்தில் வடமுனை சுருளின் நடு அச்சுக்கு நேராகவே நிற்கிறது. இரு புலங்களும் ஒரே திசையில் அமைவதால் முதன்மைக் காந்தப்பாயம் வலுப்பெறுகிறது. இது காந்தமாக்கும் விளைவு. இதனால் முனை மின்னழுத்தம் உயர்கிறது.

ஈ) இடைப்பட்ட திறன் காரணிகள்

நடைமுறைச் சுமைகள் இம்மூன்றின் கலவைகளே. 0.8 பின்தங்கு திறன் காரணியில் 35 ஆம்பியர் பாய்கிறது எனக் கொள்வோம். அதில் 35 × 0.8 = 28 ஆம்பியர் மின்னழுத்தத்தோடு ஒத்த கட்டத்திலுள்ள கூறு. இது குறுக்கே இழுத்து எஞ்சினுக்கு வேலை தருகிறது. 35 × 0.6 = 21 ஆம்பியர் பின்தங்கும் கூறு. இது காந்தப்பாயத்தை மெலிவிக்கிறது. ஒரே மின்னோட்டத்தின் இரு கூறுகள் இரு வெவ்வேறு பகுதிகளைப் பதம்பார்க்கின்றன: முன்னது எஞ்சினை, பின்னது காந்தப்புலத்தை.

தெரிந்து தெளிவோம்

மின்னழுத்தமானியையும் அதிர்வெண்மானியையும் ஒருசேர நோக்கினால் குறையின் இடத்தை அறியலாம். மின்னழுத்தத்தோடு அதிர்வெண்ணும் தாழ்ந்தால் எஞ்சின் தன் ஆற்றலுக்கு மீறிய சுமையைத் தாங்குகிறது. அல்லது அதன் எரிபொருள் ஊட்டத்தில் குறை உள்ளது. அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்கு அருகிலேயே நிற்க, மின்னழுத்தம் மட்டும் தாழ்ந்தால் பின்தங்கும் மின்னோட்டம் மிகுந்துள்ளது. அல்லது புல மின்னோட்டத்தைத் தரும் அமைப்பில் குறை உள்ளது.

சோதனையின் வழி ஒழுங்காக்கத்தைக் கணித்தல்

பெரிய ஆல்டர்னேட்டரை முழுச்சுமையில் இயக்கி, பின் சுமையை நீக்கி அளப்பது செலவு மிக்கது. சில வேளைகளில் இயலாதது. அதனால் சுமையின்றியே செய்யக்கூடிய எளிய சோதனைகளைக் கொண்டு ஒழுங்காக்கம் கணிக்கப்படுகிறது. இதற்காக ஆர்மெச்சர் எதிர்வினையின் விளைவையும் ஒரு மின்மறுப்பாகக் கருதி, கசிவு மின்மறுப்போடு கூட்டிக்கொள்கின்றனர். இக்கூட்டுத்தொகை ஒத்தியங்கு மின்மறுப்பு, Xs, எனப்படும்.

25 கிலோவோல்ட் ஆம்பியர் அளவுள்ள மூன்று கட்ட ஆல்டர்னேட்டர் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் சுருள்கள் விண்மீன் முறையில் இணைக்கப்பட்டுள்ளன. இணைப்பு மின்னழுத்தம் 415 வோல்ட். ஒரு கட்டத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 240 வோல்ட். முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 35 ஆம்பியர்.

முதலில் மின்தடை அளக்கப்படுகிறது. நேர்திசை மின்னோட்டத்தைக் கொண்டு இரு முனைகளுக்கிடையே அளக்கும்போது 0.4 ஓம் கிடைக்கிறது. விண்மீன் இணைப்பில் இரு கட்டங்கள் தொடராக அமைவதால் ஒரு கட்டத்திற்கு 0.2 ஓம். மாறுதிசை மின்னோட்டம் கம்பியில் சீராகப் பரவாததாலும் பிற இழப்புகளாலும் பயனுறு மின்தடை இதனினும் கூடுதலாகும். அதனை 1.5 மடங்கு எனக் கொண்டால் Ra = 0.3 ஓம்.

அடுத்தது திறந்த சுற்றுச் சோதனை. சுமையின்றி வரையறுக்கப்பட்ட வேகத்தில் ஓட்டி, புல மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் மின்னழுத்தம் குறிக்கப்படுகிறது. மூன்றாவது குறுக்குச் சுற்றுச் சோதனை. புல மின்னோட்டத்தைச் சுழியாக்கிய பின், மூன்று முனைகளையும் அம்மீட்டர்கள் வழியே ஒன்றாக இணைத்து, புல மின்னோட்டத்தை மெல்ல உயர்த்தி, ஆர்மெச்சரில் முழுச்சுமை மின்னோட்டமான 35 ஆம்பியர் பாயும் நிலை கண்டறியப்படுகிறது. அந்நிலையில் புல மின்னோட்டம் 2 ஆம்பியர் எனவும், அதே 2 ஆம்பியருக்குத் திறந்த சுற்றில் ஒரு கட்டத்தில் 140.4 வோல்ட் கிடைத்தது எனவும் கொள்வோம்.

ஒத்தியங்கு மின்னெதிர்ப்பு, Zs = 140.4 / 35 = 4.01 ஓம்

ஒத்தியங்கு மின்மறுப்பு, Xs = √(4.01² − 0.3²) = 4 ஓம்

இனி முழுச்சுமையில், மின்தடையால் இழக்கப்படுவது 35 × 0.3 = 10.5 வோல்ட். ஒத்தியங்கு மின்மறுப்பின் குறுக்கே தோன்றுவது 35 × 4 = 140 வோல்ட். இவற்றைக் கட்ட வெக்டர் முறையில் கூட்ட வேண்டும்.

E = √[(V cosφ + I Ra)² + (V sinφ ± I Xs)²]

பின்தங்கு திறன் காரணிக்குக் கூட்டல் குறியும், முந்து திறன் காரணிக்குக் கழித்தல் குறியும் கொள்ளப்படும்.

திறன் காரணி 1 எனில்:

E = √[(240 + 10.5)² + 140²] = 287 வோல்ட்

ஒழுங்காக்கம் = (287 − 240) / 240 × 100 = 19.6 விழுக்காடு

திறன் காரணி 0.8 பின்தங்கு எனில்:

E = √[(192 + 10.5)² + (144 + 140)²] = 349 வோல்ட்

ஒழுங்காக்கம் = (349 − 240) / 240 × 100 = 45.4 விழுக்காடு

திறன் காரணி 0.8 முந்து எனில்:

E = √[(192 + 10.5)² + (144 − 140)²] = 202.5 வோல்ட்

ஒழுங்காக்கம் = (202.5 − 240) / 240 × 100 = −15.6 விழுக்காடு

மூன்று நிலைகளிலும் மின்னோட்டம் 35 ஆம்பியரே. மின்தடை இழப்பும் 10.5 வோல்ட்டே. மாறியது 140 வோல்ட் அமையும் திசை மட்டுமே. பின்தங்கு நிலையில் அது 144 வோல்ட்டோடு சேர்ந்துகொள்கிறது. முந்து நிலையில் அதனை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிடுகிறது. ஆர்மெச்சர் எதிர்வினை மெலிவிக்கிறதா, வலுவூட்டுகிறதா என முன்னர்க் கண்டது இங்கு எண்களாக வெளிப்படுகிறது. ஒன்றுக்கும் 0.8 முந்து நிலைக்கும் இடையில், ஏறத்தாழ 0.93 முந்து திறன் காரணியில், இந்த ஆல்டர்னேட்டரின் ஒழுங்காக்கம் சுழியாகிறது.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. குறுக்குச் சுற்றுச் சோதனையின்போது காந்தப்பாயம் மிகக் குறைவு. இரும்பு தெவிட்டுநிலையை நெருங்குவதில்லை. இயல்பான மின்னழுத்தத்தில் இரும்பு ஓரளவு தெவிட்டியிருப்பதால், ஆர்மெச்சர் எதிர்வினை அதே அளவு மாற்றத்தை விளைவிக்க இயலாது. ஆகவே இம்முறையில் கணிக்கப்படும் ஒழுங்காக்கம் உண்மை மதிப்பினும் கூடுதலாகவே அமையும். அதனால் இது அவநம்பிக்கை முறை என்றும் வழங்கப்படுகிறது.

நீரேற்றி மோட்டார் தொடங்கும்போது

இனி, ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாரை இந்த ஆல்டர்னேட்டரோடு இணைத்துப் பார்ப்போம். மோட்டார் 10 குதிரைத்திறன் கொண்டது. ஓடும்போது ஏறத்தாழ 17 ஆம்பியர் மின்னோட்டத்தை 0.8 பின்தங்கு திறன் காரணியில் எடுத்துக்கொள்கிறது. 35 ஆம்பியர் தரவல்ல ஆல்டர்னேட்டருக்கு இது பாதிச்சுமையே. காகிதத்தில் யாவும் சரியாகவே தோன்றும்.

தொடங்கும் கணமோ வேறு. முழு மின்னழுத்தத்தில் நேரடியாக இணைக்கப்பட்ட தூண்டல் மோட்டார், ஓடும் மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு, அதாவது 100 ஆம்பியர் அளவுக்கு, இழுக்க முயலும். அப்போது அதன் திறன் காரணி 0.3 என்னும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். ஆகவே அம்மின்னோட்டத்தின் பெரும்பகுதி காந்தப்பாயத்தை நேரடியாக மெலிவிக்கும் கூறாகும்.

சுழலாத மோட்டாரின் மின்னெதிர்ப்பு, ஒரு கட்டத்திற்கு 240 / 100 = 2.4 ஓம். எளிமை கருதி, இதனையும் ஆல்டர்னேட்டரின் 4 ஓம் மின்மறுப்பையும் ஒரே கோணத்தில் கூட்டுவோம். புல மின்னோட்டம் திருத்தப்படாமல் E = 240 வோல்ட்டிலேயே நின்றால், மோட்டாருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் 240 × 2.4 / 6.4 = 90 வோல்ட் மட்டுமே. தூண்டல் மோட்டாரின் திருப்பு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே தொடக்கத் திருப்பு விசை ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மோட்டார் சுழலாமல் உறுமி நிற்கும். அதே இணைப்பிலுள்ள விளக்குகள் மங்கும். சுழலாத மோட்டாரின் சுருள் சூடேறும். எஞ்சினின் ஓசையிலோ பெரிய தளர்ச்சி ஏதும் தெரியாது.

எனினும் இச்சரிவு ஒரே நொடியில் முழுமையடைவதில்லை. காந்தப்பாயம் திடீரெனக் குறைவதைப் புலச்சுருள் எதிர்க்கிறது. அதனால் முதற்சில சுழற்சிகளில் ஆர்மெச்சர் எதிர்வினை தன் முழு வலிமையைக் காட்டாது. மின்னழுத்தச் சரிவும் சிறிதாகவே இருக்கும். இவ்விடைவெளிக்குள் புல மின்னோட்டத்தை உயர்த்திவிட்டால் மோட்டாரைக் காப்பாற்றலாம்.

அப்பணியைச் செய்வது தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி. இது ஏவிஆர் என அழைக்கப்படுகிறது. முனை மின்னழுத்தத்தை இடைவிடாது அளந்து, குறைந்தால் புல மின்னோட்டத்தைக் கூட்டியும் மிகுந்தால் குறைத்தும் இது செயல்படுகிறது. முற்கூறிய கணக்கில், 0.8 பின்தங்கு முழுச்சுமையில் 240 வோல்ட்டை நிலைநிறுத்த, 349 வோல்ட் தூண்டும் அளவுக்குப் புல மின்னோட்டம் உயர வேண்டும். இவ்வுயர்வு சுழலியின் புலச்சுருளைச் சூடாக்கும். இதன் பொருட்டே ஆல்டர்னேட்டரின் பெயர்ப்பலகையில் கிலோவோல்ட் ஆம்பியரோடு 0.8 பின்தங்கு என்னும் திறன் காரணியும் பொறிக்கப்படுகிறது. அதனினும் தாழ்ந்த திறன் காரணியில் முழு மின்னோட்டத்தை எடுத்தால், எஞ்சினுக்கு எளிதாயினும் புலச்சுருளுக்கு அது மிகைச்சுமையே.

சுருளின் ஆறு முனைகளும் வெளியே கொண்டுவரப்பட்ட மோட்டாராயின், விண்மீன் – முக்கோணத் தொடக்கியைப் பயன்படுத்தலாம். அது தொடக்க மின்னோட்டத்தை மூன்றில் ஒன்றாக, ஏறத்தாழ 33 ஆம்பியராகக் குறைக்கும். இது ஆல்டர்னேட்டரின் எல்லைக்குள் அடங்குவதால் ஏவிஆர் மின்னழுத்தத்தை எளிதில் மீட்டுவிடும். தொடக்கத் திருப்பு விசையும் மூன்றில் ஒன்றாகவே குறையும். மையவிலக்கு நீரேற்றி குறைந்த வேகத்தில் மிகுந்த திருப்பு விசையை வேண்டாததால் அது பெரும்பாலும் போதுமானதாக அமைகிறது. பல மோட்டார்களை இயக்க நேர்ந்தால் ஒன்று முழு வேகம் அடைந்த பின்னரே மற்றொன்றைத் தொடங்க வேண்டும் என்னும் நடைமுறையின் காரணமும் இதுவே.

மின்தேக்கி தரும் எதிர்விளைவு

விவசாய மோட்டார்களின் தொடக்கிப் பெட்டியில் திறன் காரணியை உயர்த்துவதற்காக மின்தேக்கி இணைப்பதுண்டு. மோட்டார் ஓடும்போது அது நன்மையே தருகிறது. பின்தங்கும் மின்னோட்டத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்து, காந்த நீக்க விளைவைத் தணிக்கிறது. மோட்டார் நின்ற பின்னும் மின்தேக்கி மட்டும் இணைப்பில் நீடித்தால் நிலைமை தலைகீழாகிறது.

பெரிய மின்வலையமைப்பில் அச்சிறு மின்தேக்கி உணரப்படுவதில்லை. தனித்து இயங்கும் சிறிய ஆல்டர்னேட்டருக்கோ அது முந்து திறன் காரணி கொண்ட முதன்மைச் சுமையாகிவிடுகிறது. ஆர்மெச்சர் எதிர்வினை சுழலியின் காந்தப்புலத்தை வலுப்படுத்துகிறது, மின்னழுத்தம் உயர்கிறது, உயர்ந்த மின்னழுத்தம் மின்தேக்கியின் மின்னோட்டத்தை மேலும் கூட்டுகிறது. ஏவிஆர் புல மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே சென்று, குறைக்க இனி ஏதுமில்லாத நிலையை அடைந்தால், கட்டுப்பாடு அதன் கையை விட்டு அகலும். விளக்குகள் இயல்புக்கு மீறிய ஒளியோடு எரிவதும், மின்னழுத்தமானியின் முள் 240ஐத் தாண்டி ஏறுவதும் இதன் அறிகுறிகள். அந்நேரத்தில் இணைப்பிலுள்ள கைப்பேசி மின்னேற்றியும் தொலைக்காட்சியும் பழுதடையக்கூடும். மோட்டாரோடு சேர்ந்தே மின்தேக்கியும் துண்டிக்கப்படும் வகையில் இணைப்பை அமைப்பதே இதற்குரிய தீர்வு.

நீரின்றித் தவிக்கும் ஊரில் மேல்நிலைத் தொட்டியை நிரப்பவிருக்கும் மோட்டார் எரிந்துபோனால், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அதனை வெளியே தூக்கிப் பழுதுநீக்கி மீண்டும் இறக்க நாள்கள் ஆகும். மின்னியற்றியின் கிலோவோல்ட் ஆம்பியர் அளவை மட்டும் நோக்காது, இணைக்கவிருக்கும் சுமை பின்தங்குமா, முந்துமா, தொடங்கும்போது எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்பவற்றையும் முன்னரே அறிந்து இயக்குபவர் அத்தாமதத்தைத் தவிர்க்கிறார்.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தூய மின்தேக்கிச் சுமையில் ஆர்மெச்சர் எதிர்வினையின் இயல்பு
அ) குறுக்குக் காந்தமாக்குவது
ஆ) காந்தத்தை நீக்குவது
இ) காந்தமாக்குவது
ஈ) விளைவற்றது

குறுவினா

1. மின்னழுத்த ஒழுங்காக்கத்தை வரையறுக்க. அவ்வரையறையில் அடங்கிய நிபந்தனைகள் யாவை?
2. மின்னழுத்தம் தாழ்ந்து, அதிர்வெண் மாறாதிருந்தால் அதிலிருந்து அறியப்படுவது யாது?

சிறுவினா

1. ஒத்தியங்கு மின்னெதிர்ப்பு முறையில் கணிக்கப்படும் ஒழுங்காக்கம் உண்மை மதிப்பினும் மிகுந்திருப்பது ஏன்?
2. மோட்டார் நின்ற பின்னும் மின்தேக்கி இணைப்பில் நீடிப்பதால் விளையும் தீங்கினை விளக்குக.

நெடுவினா

1. திறன் காரணி ஒன்று, 90 பாகை பின்தங்கல், 90 பாகை முந்தல் ஆகிய மூன்று நிலைகளிலும் ஆர்மெச்சர் எதிர்வினை அமையும் திசையை, சுழலியின் நிலையைக் கொண்டு விளக்குக.

கணக்கீடு

1. பாடத்தில் கண்ட ஆல்டர்னேட்டர் 0.6 பின்தங்கு திறன் காரணியில் 35 ஆம்பியர் தரும்போது அதன் மின்னழுத்த ஒழுங்காக்கத்தைக் கணக்கிடுக. 0.8 பின்தங்கு நிலைக்குரிய மதிப்போடு ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தைக் கூறுக.